61 சதவீதம் 12 ஆன கதை: ஒரு கேஸ் ஸ்டடியைப் பிரித்துக் கோத்த அனுபவம்

கம்ப்ரஸர் சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிய கேஸ் ஸ்டடியைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தது. வாடிக்கையாளர் கோவைப் பக்கம் இருக்கும் ஒரு நூற்பாலை. சுமார் 30,000 கதிர்கள், மூன்று ஷிப்ட், 24 மணி நேர ஓட்டம். ஆலையில் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்ததுதான் நடந்த வேலை. வேலையில் குறை இல்லை, எழுத்தில்தான் சிக்கல். "61% மின்சேமிப்பு!" என்பது தலைப்பு. முதல் பத்தியில் நிறுவனத்தின் வரலாறு, இரண்டாவதில் அவர்களுடைய இன்ஜினியர்களின் திறமை, மூன்றாவதில் ஆலையின் பெருமை. ஆலைக்கு என்ன பிரச்சினை என்பது நான்காவது பத்தியில், அதுவும் ஒரே வரியில்: "மின்சாரச் செலவைக் குறைக்க விரும்பினார்கள்." கடைசியில் "ஆண்டுக்கு 18 லட்சம் மிச்சம்" என்று முடிந்தது.

இந்த மாதிரி வரைவு வந்தால் நான் முதலில் அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுவேன். பிரச்சினை என்றால் பி, செய்த வேலை என்றால் செ, கிடைத்த பலன் என்றால் ப. மூன்றிலும் சேராதது வி, அதாவது விளம்பரம். இதில் மொத்தம் 41 வாக்கியங்கள். பி 3, செ 9, ப 4. மீதி 25-ம் வி. வி போட்டதையெல்லாம் அடித்துவிட்டால் கட்டுரை ஒரு பக்கத்துக்கும் கீழே வந்துவிடும். அனுப்பியவர்கள் பதறுவார்கள். ஆனால் எவ்வளவு காலி இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது எண்கள். பலன் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பிரச்சினைப் பகுதியில் ஒரு ஜோடி வேண்டும், அதே அலகில், அதே இடத்தில் அளந்ததாக. பலனில் யூனிட் என்றால் பிரச்சினையிலும் யூனிட். பலனில் அழுத்தம் என்றால் பிரச்சினையிலும் அழுத்தம். இந்த வரைவில் 61-க்கும் ஜோடி இல்லை, 18 லட்சத்துக்கும் இல்லை. போதாததற்கு அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்தும் போகவில்லை. கம்ப்ரஸர் ரூமின் மின்சாரம் நவம்பரில் 1,01,670 யூனிட் என்று இணைப்பில் ஒரு தாள் இருந்தது. யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம். அதில் 61% என்றால் 56 லட்சம் ஆகும், 18 வராது. ஆக, இரண்டில் ஒன்றாவது தப்பு.

ஆலையின் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் பேச நிறுவனத்தின் வழியாக அனுமதி வாங்கினேன். "மின்சாரச் செலவைக் குறைக்கணும்னு எப்போ சார் முடிவு பண்ணீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"கரண்டுக்காக யாருங்க இவங்களைக் கூப்பிட்டா?" என்றார். "கடைசி ஆட்டோகோனர்ல காத்து பத்தலை. மதிய ஷிப்ட்ல ஸ்ப்ளைசர் ஒட்டாம ட்ரம் ட்ரம்மா ரெட் லைட் எரியும். மூணாவது கம்ப்ரஸர் வாங்கறதுக்கு கொட்டேஷன் எல்லாம் வாங்கி ஆபீஸ்ல வெச்சாச்சுங்க."

நான்காவது பத்தியின் அந்த ஒற்றை வரி அதோடு செத்தது. ஆட்டோகோனர் என்பது நூற்கும் ரிங் பிரேமிலிருந்து வரும் காப்புகளின், அதாவது சின்ன நூல் சுருள்களின், நூலைக் கோனில் சுற்றும் எந்திரம். நூல் அறுந்தாலோ காப்பு தீர்ந்தாலோ இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசர் காற்றை அடித்து ஒட்டும். காற்று குறைந்தால் ஒட்டு நிற்காது, அந்தக் கோனைச் சுற்றும் ட்ரம் நின்றுவிடும். ஆலைக்கு வலித்தது உற்பத்தி. மின்சாரம் அப்போது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

கேஸ் ஸ்டடிகளில் பிரச்சினைப் பகுதி எப்போதும் இப்படித்தான் கெடும். விற்பவர் தன்னிடம் இருக்கும் மருந்துக்குப் பொருத்தமான நோயாகப் பார்த்து எழுதிவிடுவார். வாடிக்கையாளர் போன் எடுத்தது எதற்காக என்று கேட்டால் வேறொன்று வரும். படிப்பவரும் வேறொரு ஆலையின் மெயின்டனன்ஸ் மேனேஜர்தான். "மின்சாரச் செலவு" என்றால் தாண்டிப் போய்விடுவார், "கடைசி ஆட்டோகோனரில் ரெட் லைட்" என்றால் நின்று படிப்பார்.

அவரிடம் மூன்று தாள்கள் கேட்டேன். கம்ப்ரஸரின் லோடு நேரப் பதிவு, அழுத்தப் பதிவு, மாதாந்திர மீட்டர் ரீடிங். மூன்றும் இருந்தன. ஆலைக்காரர்கள் எழுதி வைப்பதில் கெட்டி, அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தத் தாள்களில்தான் கதை இருந்தது. கம்ப்ரஸர் ரூமில் 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸர் இரண்டு, ஒவ்வொன்றும் 450 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 450 கன அடி காற்று. முதலாவது முழு நேரமும் லோடில் ஓடுகிறது. இரண்டாவது 60% நேரம் மட்டும் லோடு, மீதி 40% அன்லோடு. அதாவது காற்று கொடுக்காமல் மோட்டார் மட்டும் சுற்றுகிறது. கம்ப்ரஸர் ரூமில் அழுத்தம் 7.5 பார். கடைசி ஆட்டோகோனரின் கேஜில் 5.8. காற்று பத்தவில்லை என்று மூன்றாவது கம்ப்ரஸருக்கு விலை கேட்கும் அதே நாட்களில் இரண்டாவது கம்ப்ரஸர் கிட்டத்தட்ட பாதி நேரம் சும்மா இருந்திருக்கிறது. கம்ப்ரஸருக்குத் தன் வாசலில் இருக்கும் அழுத்தம் மட்டும்தான் தெரியும். அங்கே 7.5 நிறைந்ததும் அன்லோடு போய்விடும். இடையில் 1.7 பார் எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆக, திறன் போதாமல் இல்லை. காற்று போகும் வழியில்தான் கோளாறு. பிரச்சினைப் பகுதிக்கு இதைவிட நல்ல இரண்டு எண்கள் கிடைக்காது: ஒரு முனையில் 40% சும்மா ஓட்டம், மறுமுனையில் 5.8 பார்.

இனி அந்த 61. அது கசிவுச் சோதனையிலிருந்து வந்தது. ஆலை விடுமுறையில் எல்லா எந்திரத்தையும் நிறுத்திவிட்டு, ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுவார்கள். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை என்பதால், அது லோடுக்குப் போவதெல்லாம் கசிவை நிரப்பத்தான். லோடு எத்தனை நொடி, அன்லோடு எத்தனை நொடி என்று பல சுற்றுகள் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கம்ப்ரஸர் திறனில் எத்தனை பங்கு கசிகிறது என்று வந்துவிடும். அந்த வருடம் தீபாவளி அக்டோபரில் வந்தது. அந்த விடுமுறையில் பார்த்தபோது லோடு 88 நொடி, அன்லோடு 112 நொடி. 200-க்கு 88, அதாவது 44%. ஒரு கம்ப்ரஸரின் 450-இல் 198 சி.எஃப்.எம். வேலை முடிந்து பொங்கல் விடுமுறையில் பார்த்தபோது லோடு 34, அன்லோடு 166. இது 17%, சுமார் 77 சி.எஃப்.எம்.

198 என்பது 77 ஆனால் குறைவு 61%. கணக்குச் சரிதான், ஆனால் குறைந்தது கசிவு. தலைப்பு எழுதியவர் அந்த இடத்தில் "மின்" என்று போட்டுவிட்டார். சதவீதம் என்று எங்கே வந்தாலும் "எதில்?" என்று கேட்பது எனக்குப் பழக்கம். அந்தக் கேள்விக்கு வாக்கியத்துக்குள்ளேயே பதில் இல்லையென்றால் சதவீதத்தை எடுத்துவிட்டு இரண்டு எண்களையும் அப்படியே போட்டுவிடுவேன். "198-இலிருந்து 77" என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். 44%, 17% இரண்டும்கூட ஆபத்தானவைதான். ஆலையின் மொத்தக் காற்றில் 44% என்று படித்துவிடலாம். மொத்தம் ஓடியது 720 சி.எஃப்.எம், அதில் 198 என்பது 27 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

இன்னொன்றும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டு சோதனையும் ஒரே அழுத்தத்தில் நடந்தனவா? ஏனென்றால் வேலையின் ஒரு பகுதியாகப் பின்னால் செட் பிரஷரை 7.5-இலிருந்து 7.0 ஆக இறக்கியிருக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைத்தாலே அதே ஓட்டை வழியாகக் கசிவதும் குறையும். இறக்கிய பிறகு சோதித்திருந்தால், ஓட்டையை அடைத்த பலனும் அழுத்தத்தின் பலனும் ஒன்றாகக் கலந்திருக்கும். சர்வீஸ் ரிப்போர்ட்டில் பொங்கல் சோதனை 7.5-இலேயே நடந்ததாகவும், அதன் பிறகே இறக்கியதாகவும் இருந்தது. நிம்மதி.

18 லட்சத்துக்கு வருவோம். நவம்பரில் 1,01,670 யூனிட், பிப்ரவரியில் 81,930 யூனிட். வித்தியாசம் 19,740. ஏழரை ரூபாயால் பெருக்கி, 12-ஆல் பெருக்கினால் 17.8 லட்சம். 18 என்று ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். 19% குறைவு என்று வேறு உள்ளே எழுதியிருந்தது. முதல் ஓட்டை உடனே தெரிந்தது. நவம்பருக்கு 30 நாள், பிப்ரவரிக்கு 28 நாள். இரண்டு நாள் மின்சாரத்தைக் காலண்டர் மிச்சம் பிடித்திருக்கிறது. இரண்டாவது, உற்பத்தி. நவம்பரில் 330 டன் நூல், பிப்ரவரியில் 304 டன். நூல் குறைந்தால் ஸ்ப்ளைஸ் குறையும், காற்றும் குறையும்.

அதனால் மாத யூனிட்டை விட்டுவிட்டு, டன்னுக்கு எத்தனை யூனிட் என்று மாற்றினேன். நவம்பரில் 308. பிப்ரவரியில் 270-க்கு ஒட்டினாற்போல். ஒரே மாதத்தை வைத்துப் பேசக் கூடாது என்று மார்ச்சையும் கேட்டேன்: 91,300 யூனிட், 338 டன், அதுவும் 270. உற்பத்தி ஏறிய மாதத்திலும் எண் அசையவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. டன் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் கவுண்ட் மாறியிருக்கக் கூடாது. 40-ஆம் நம்பரிலிருந்து 60-க்குப் போயிருந்தால் அதே டன்னுக்கு நீளம் ஒன்றரை மடங்கு, காப்புகளும் அதிகம், ஸ்ப்ளைஸும் அதிகம், ஒப்பீடே வீண். "அதே 40-தாங்க ஓடுச்சு" என்றார்.

308-இலிருந்து 270. குறைவு டன்னுக்கு 38 யூனிட், சுமார் 12%. மாதம் 330 டன் ஓடினால் 12,500 யூனிட் அளவுக்கு மிச்சம்.

விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு 61 போய் 12 வந்ததில் முகம் சுண்டிவிட்டது. "கசிவு பாதிக்கு மேல் அடைச்சாச்சு, மின்சாரம் எப்படி சார் 12 மட்டும் குறையும்? படிக்கிறவன் சந்தேகப்பட மாட்டானா?" என்றார். நியாயமான கேள்வி. பதிலைக் கட்டுரையிலேயே வைத்துவிட்டோம். குறைந்த கசிவு 121 சி.எஃப்.எம், மொத்தக் காற்றில் 17%. அந்த 17%-மும் அப்படியே மின்சாரமாகத் திரும்பி வராது. தேவை குறைந்ததும் இரண்டாவது கம்ப்ரஸர் நின்றுவிடுவதில்லை, அன்லோடில் அதிக நேரம் ஓடுகிறது. லோடில் 82 கிலோவாட் இழுக்கும் கம்ப்ரஸர் அன்லோடிலும் 25 கிலோவாட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். செட் பிரஷரை இறக்கியதில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தும், கூட்டிக் கழித்து மீட்டரில் 12 தான் வந்தது. இந்தத் தொழில் தெரிந்தவர் 61-ஐப் பார்த்தால் சிரிப்பார், இந்த விளக்கத்தோடு 12-ஐப் பார்த்தால் தன் ஆலையின் அன்லோடு நேரத்தைப் பார்க்கப் போவார்.

செய்த வேலை பகுதிதான் வரைவில் ஓரளவு தேறியது, ஆனால் வரிசை இல்லை. "அதிநவீன அல்ட்ராசோனிக் கருவியின் துணையுடன் விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்ற வாக்கியத்தை என்ன செய்வது? யார் எதைச் செய்தார்கள் என்று திருப்பி எழுத வேண்டியதுதான். எந்திரங்கள் ஓடும்போதே கருவியைப் பிடித்துக்கொண்டு லைன் முழுக்க நடந்து, கசியும் இடத்திலெல்லாம் நம்பர் போட்ட டேக் கட்டியிருக்கிறார்கள். 212 டேக். 168 அடைத்தார்கள், 44 அடைக்கவில்லை. வரைவில் 212 இருந்தது, 168 இருந்தது, 44 இல்லை. கழித்துப் பார்க்க யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த 44-ம் எந்திரத்தின் உள்ளே, சோலினாய்டு வால்வுகளில். எந்திரத்தை நிறுத்தி உதிரி மாற்றினால்தான் முடியும். காரணத்தோடு சொன்னால் அது குறையாகத் தெரியாது.

டேக் பட்டியலைப் பார்த்தால் எண்ணிக்கையில் அதிகம் ஆட்டோகோனர்களின் பி.யூ. ட்யூபும் புஷ் கனெக்டரும். ட்யூபைக் கோணலாக வெட்டிச் சொருகினால் ஓரத்தில் கசியும், அதிர்வில் இன்னும் தளரும். ஆனால் அளவில் பெரியவை மெயின் லைனின் டிரெயின் வால்வுகள். காற்றில் ஈரம் வந்து ஸ்ப்ளைசரில் தண்ணீர் தெறிக்கிறது என்று பிட்டர்கள் அவற்றைப் பாதி திறந்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் போகிறதோ இல்லையோ, காற்று போய்க்கொண்டே இருந்தது. மூடச் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த வாரமே திறந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் நிஜமான தொல்லை. அதனால் தண்ணீர் சேர்ந்தால் மட்டும் திறக்கும் ஆட்டோ டிரெயின்களை அங்கே மாட்டியிருக்கிறார்கள். முழு வேலையிலும் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான். வரைவில் "வால்வுகள் மாற்றப்பட்டன" என்று இரண்டே சொல்லில் போயிருந்தது.

வரைவில் வராத ஒன்றும் நடந்திருந்தது. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையருக்கு முன்னால் இருக்கும் பில்டர் அடைத்துக்கொண்டு, அது மட்டுமே 0.6 பார் தின்றுகொண்டிருந்தது. டிசம்பரில் ஆலையின் பிட்டரே எலிமென்ட்டை மாற்றிவிட்டார். சர்வீஸ் நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை என்பதால் கட்டுரையில் இல்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். கடைசி ஆட்டோகோனரில் அழுத்தம் 5.8-இலிருந்து 6.2 ஆனதற்குப் பில்டரும் ஒரு பெரிய காரணம். கசிவு அடைத்ததால் மட்டும் வந்தது என்று எழுதி, இன்னொரு ஆலை அதை நம்பிச் செய்து, பில்டர் அடைப்பால் அழுத்தம் ஏறவில்லையென்றால் போன் இவர்களுக்குத்தான் வரும். விற்பனைக்காரர் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார், கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ரூபாய்க் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கத்து ஆலைகள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. இவர்களுக்கும் உண்டு. காற்றாலை யூனிட் கழிந்த பிறகு வரும் மிச்ச யூனிட்டின் விலை சீசனுக்குச் சீசன் மாறும். அதனால் யூனிட்டை முதலில் போட்டு, "ஆலை தன் கணக்கில் வைத்திருக்கும் யூனிட்டுக்கு 7.50 ரூபாய் வீதத்தில்" என்று சொல்லி, மாதம் சுமார் 94 ஆயிரம் என்று எழுதினேன். 12-ஆல் பெருக்கவில்லை. அளந்தது இரண்டு மாதம், ஒரு வருடத்துக்கு எதை வைத்துச் சொல்வது? ஆய்வு, உதிரி, கூலி எல்லாம் சேர்த்து ஆலை கொடுத்தது 3.4 லட்சம். அது வரைவில் எங்கேயுமே இல்லை. செலவு தெரியாமல் மிச்சத்தை மட்டும் படித்து எந்த ஆலை முதலாளியும் முடிவெடுக்க மாட்டார். நாலு மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பும் என்ற வாக்கியம் 18 லட்சத்தைவிட நன்றாகவே விற்கும்.

கடைசியில் நின்ற வடிவத்தின் சுருக்கம் இது. முழுக் கட்டுரையின் தலையில் இதையேதான் வைத்தோம்:

> பிரச்சினை: கடைசி ஆட்டோகோனரில் அழுத்தம் 5.8 பார். ஸ்ப்ளைஸ் நிற்காமல் ட்ரம்கள் நின்றன. மூன்றாவது கம்ப்ரஸருக்கு விலை கேட்டிருந்தார்கள். ஆனால் இருந்த இரண்டில் ஒன்று 40% நேரம் அன்லோடில் ஓடியது. கசிவு 198 சி.எஃப்.எம். கம்ப்ரஸர் ரூம் மின்சாரம் ஒரு டன் நூலுக்கு 308 யூனிட்.
>
> செய்தது: 212 கசிவுகளுக்கு டேக் கட்டி 168-ஐ அடைத்தோம். பாதி திறந்து கிடந்த டிரெயின் வால்வுகளின் இடத்தில் ஆட்டோ டிரெயின் மாட்டினோம். அடைத்திருந்த பில்டரை ஆலையே மாற்றியது. கடைசியாக செட் பிரஷரை 7.5-இலிருந்து 7.0 பாருக்கு இறக்கினோம்.
>
> பலன்: கடைசி ஆட்டோகோனரில் 6.2 பார். கசிவு 77 சி.எஃப்.எம். டன்னுக்கு 270 யூனிட். செலவு 3.4 லட்சம், மிச்சம் மாதம் சுமார் 94 ஆயிரம். மூன்றாவது கம்ப்ரஸர் வாங்கவில்லை.

கம்ப்ரஸர் வாங்காமல் விட்டதன் விலையை மிச்சத்தில் கூட்டலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வாங்கியிருந்தாலும் அழுத்தம் சரியாகியிருக்காது என்பதுதான் நம் வாதமே. தேவைப்படாத பொருளின் விலையை மிச்சம் என்று எப்படிச் சொல்வது? வாங்கவில்லை என்ற தகவல் மட்டும் போதும்.

மேனேஜரின் மேற்கோளும் மாறியது. வரைவில் "இவர்களது சேவை மிகச் சிறப்பு, அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்" என்று இருந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம், அனுப்பி வைத்ததற்குச் சரி என்றாராம். போனில் என்னிடம் சொன்னதையே போட அனுமதி கேட்டேன். "ரெண்டாவது கம்ப்ரஸர் பாதி நேரம் சும்மா ஓடறதை யாரும் பார்க்கலைங்க, எல்லாரும் கேஜைத்தான் பார்த்தோம்." பிரச்சினைப் பகுதியின் முடிவில் அதை வைத்தோம்.

ஒப்புதலுக்காகக் காத்திருந்தபோது மே தின விடுமுறை வந்தது. ஆலை மறுபடியும் கசிவுச் சோதனை செய்து ரீடிங்கை அனுப்பியது. லோடு 46 நொடி, அன்லோடு 154. அதாவது 23%, சுமார் 104 சி.எஃப்.எம். பொங்கலுக்கு 77-இல் இருந்தது நாலு மாதத்துக்குள் ஏறியிருக்கிறது. ட்யூப் மாற்றும்போது புதிதாகத் தளர்ந்த கனெக்டர்கள்தான் பெரும்பாலும். விற்பனைக்காரர் இதை விட்டுவிடலாமே என்றார். நான் சேர்க்கச் சொன்னேன். மேனேஜரோ ஒரு படி மேலே போய், பலன் பகுதியில் கசிவு எண்ணுக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். "அதைப் பார்த்தாத்தான் எங்க ஆபீஸ்ல மூணு மாசத்துக்கு ஒரு தரம் லீக் பார்க்க சம்மதிப்பாங்க." அதனால் அச்சுக்குப் போன பிரதியில் கசிவு வரி இப்படி இருக்கிறது: "198-இலிருந்து 77 (பொங்கல்), மே தினத்தில் 104, அடுத்த சுற்று ஆகஸ்டில்."